சத்தம் போடாத வலி: உறுமத் தொடங்கிய லேப்ரடாரும் இருபது புள்ளிக் கணக்கும்

டைகர் எட்டு வயது ஆண் லேப்ரடார். எடை 36 கிலோ. லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் இரண்டாவது மாடி வீடு, வீடு முழுக்க வழுவழுப்பான டைல்ஸ். வீட்டார் கால்நடை மருத்துவரிடம் சொன்ன புகார் இது: "ரெண்டு மாசமா பாப்பா பக்கத்துல போனாலே உறுமறான், டாக்டர். முன்னாடி மேல ஏறி உட்கார்ந்தாக்கூட சும்மா இருப்பான்." பாப்பாவுக்கு ஆறு வயது. எங்கேயாவது வலி இருக்குமோ என்று மருத்துவர் கேட்டதற்கு உடனே பதில் வந்தது: "அதெல்லாம் இல்லைங்க. நல்லா சாப்பிடறான், வாலாட்டறான், நொண்டல, ஒரு நாள்கூடக் கத்தினதில்லை."

டைகர் ஒரே ஒரு நாயின் பதிவு அல்ல. நாட்பட்ட இடுப்பு மூட்டு வலியோடு வரும் பெரிய நாய்களிடம் திரும்பத் திரும்பக் காணும் அடையாளங்களை ஒரே இடத்தில் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. மருந்தளவுகளும் சோதனை முறைகளும் நடைமுறையில் உள்ளவை.

வீட்டாரின் அந்த ஒரு பதிலில் நான்கு சாட்சியங்கள் இருக்கின்றன. நான்குமே வலி இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. லேப்ரடார் மூட்டு தேய்ந்த நிலையிலும் தட்டைக் காலி செய்யும். பசி குறைவது பெரும்பாலும் கடைசியில்தான். வாலாட்டுவது ஆளைப் பார்த்த கிளர்ச்சி, உடம்பு சுகமாக இருப்பதற்கான அறிக்கை இல்லை. கத்துவது திடீரென்று வரும் கூர்மையான வலிக்கு. மாதக்கணக்கில் மெல்ல ஏறும் வலிக்கு நாய் குரல் கொடுப்பது அபூர்வம். நொண்டல்தான் இவற்றில் மிகவும் ஏமாற்றும். ஒரு கால் மட்டும் வலித்தால் நாய் பாரத்தை மறு காலுக்கு மாற்றும், அந்த வித்தியாசம் நொண்டலாகக் கண்ணில் படும். இரண்டு இடுப்பும் வலித்தால் மாற்ற நல்ல கால் இல்லை. பாரம் முழுக்க முன்னால் தோளுக்குப் போய்விடும். நடை ஒழுங்காகத் தெரியும், ஆனால் அடி குட்டையாகும்.

நாய் வலியை மறைக்கிறது என்று சொல்லும்போது ஏதோ திட்டமிட்டு நடிப்பதாக ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் அது தன் நாளை மாற்றி அமைத்துக்கொள்கிறது. வலிக்கும் அசைவை விட்டுவிட்டு வேறு அசைவைப் பழகுகிறது, வலிக்கும் இடத்துக்குப் போகாமல் நிறுத்திக்கொள்கிறது. அதனால் நாய் புதிதாக எதைச் செய்கிறது என்று தேடுவதைவிட, முன்பு செய்துகொண்டிருந்த எது நின்றுபோனது என்று யோசிப்பதில் அதிகம் கிடைக்கும்.

வீட்டு வீடியோ காட்டியது

பரிசோதனை அறையில் டைகர் நன்றாகவே நடந்தான். புது இடம், புது வாசனை, பயம் எல்லாம் சேரும்போது வலி கொஞ்ச நேரம் பின்னுக்குப் போய்விடும். அதனால் மருத்துவர் மூன்று வீடியோ கேட்டார்: காலையில் படுத்த இடத்திலிருந்து எழுவது, படி ஏறுவது, வெளியே சிறுநீர் கழிப்பது. ஒவ்வொன்றும் முப்பது வினாடி. ஃபோனை நாயின் முதுகு உயரத்துக்கு இறக்கிப் பிடிக்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் இடுப்பின் அசைவு தெரியாது. எடுக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் நாய் உற்சாகத்தில் எழுந்துவிடும், நமக்கு வேண்டிய அசைவு காணாமல் போகும்.

எழும் வீடியோவில் டைகர் முதலில் முன்னங்கால்களை ஊன்றி மார்பைத் தூக்குகிறான். அப்படியே ஒரு நொடி நிற்கிறான். பிறகு பின்னுடம்பை முன்னால் இழுத்துக்கொண்டு எழப் பார்க்கிறான். டைல்ஸில் இடது பின்னங்கால் வழுக்குகிறது, மறுபடி உட்காருகிறான், இரண்டாவது முயற்சியில் நிற்கிறான். நின்ற பிறகு சோம்பல் முறிக்கவில்லை. நலமான நாய் தூங்கி எழுந்ததும் முன்னங்கால்களை நீட்டிக் குனியும், அடுத்து ஒவ்வொரு பின்னங்காலையும் பின்னோக்கி நீட்டி உதறும். இடுப்பு மூட்டு வலிக்கும் நாய்க்குப் பின்னோக்கி நீட்டுவதுதான் மிகவும் வலிக்கும் அசைவு. டைகர் கடைசியாக எப்போது அப்படி நீட்டினான் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. உடம்பை உதறும்போதும் அசைவு தலையில் தொடங்கித் தோளோடு நின்றுவிட்டது, வால் வரை போகவில்லை.

படியில் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் போலத் தாவி ஏறினான். வீட்டார் அதை உற்சாகம் என்று நினைத்திருந்தார்கள். ஒரு காலில் மட்டும் உடம்பை உந்தும் வலுவும் துணிவும் குறைந்த நாய் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து உந்தும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தான். அந்த நிற்பும் வேடிக்கைக்கானது இல்லை.

மூன்றாவது வீடியோதான் நேராகக் கை காட்டியது. டைகர் எப்போதும் இடது காலை மட்டுமே தூக்கினான். வலது காலைத் தூக்க வேண்டுமானால் முழுப் பின்பாரத்தையும் இடது காலில் தாங்க வேண்டும். அதை அவன் தவிர்த்தான். தூக்கிய இடது காலையும் பாதியில் கீழே வைத்துவிட்டான். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஒரு பக்கப் பழக்கம் உண்டு, ஆகவே இந்த அடையாளம் பழைய பழக்கத்தோடு ஒப்பிட்டால்தான் பேசும். டைகர் முன்பு இரண்டு பக்கமும் தூக்குவான் என்று வீட்டுப் பெரியவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தெருக்கோடி விளக்குக் கம்பத்தில் ஒரு பக்கமும், திரும்பி வரும்போது மறுபக்கமும். அந்த ஒரு ஞாபகம் எக்ஸ்ரேக்கு முன்பே பக்கத்தைச் சொல்லிவிட்டது.

இதே கண்ணோடு பார்த்தால் இன்னும் சில தெரியும். பின்னங்கால் நகங்களின் மேற்புறம் தேய்ந்திருந்தால் கால் தூக்காமல் இழுபடுகிறது என்று பொருள். ஒரே மூட்டில் முடி பழுப்பேறியிருந்தால் அங்கே நக்குகிறது, எச்சில் பட்டு நிறம் மாறியிருக்கிறது. மலம் கழிக்கும்போது ஒரே இடத்தில் குந்தாமல் நடந்துகொண்டே போவது குந்திய நிலையைத் தாங்க முடியாததால். நின்று சாப்பிட்ட நாய் படுத்துக்கொண்டு சாப்பிடுவதும் இதே வகை.

தொட்டுப் பார்ப்பதில் வாயைக் கவனிக்க வேண்டும்

வீட்டில் செய்யக்கூடிய தொடு சோதனை ஒன்றுதான், அதுவும் அழுத்தாமல். நாய் வழுக்காத பாயில் நிற்க வேண்டும். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் கழுத்திலிருந்து வால் அடி வரை மெல்லத் தடவிக்கொண்டு போக வேண்டும். கையைப் பார்க்கக் கூடாது, நாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாய் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய், கை ஓர் இடத்துக்கு வந்ததும் டக்கென்று வாயை மூடும். மூச்சு ஒரு கணம் நிற்கும். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டுப் போகும், கண் ஓரத்தில் வெள்ளை விழி தெரியும், தலை கைப்பக்கம் திரும்பும். இவற்றில் ஏதாவது ஒன்று, கை அதே இடத்துக்கு வரும்போது மூன்று முறையில் இரண்டு முறை வந்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிட வேண்டும். மூட்டை மடக்கிப் பார்ப்பது, தொடையை அமுக்கிப் பார்ப்பது இரண்டும் வீட்டில் வேண்டாம். எந்தச் சாது நாயும் அங்கே கடித்துவிடும்.

டைகர் இடுப்பெலும்புக்கு மேலே கை வந்ததும் வாயை மூடினான். பாப்பா அவனைக் கட்டிப்பிடித்துச் சாயும் இடம் அதேதான். உறுமல் பொறாமையால் வந்ததல்ல என்பது அங்கே தெளிவானது. நடத்தை மாற்றத்துக்காக நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய்களைப் பற்றி 2020-ல் டேனியல் மில்ஸும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, குறைந்தபட்சக் கணக்கிலேயே மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருக்கிறது என்றது. நல்ல சுபாவமுள்ள நடுவயது நாய் திடீரென்று உறுமினால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். உறுமியதற்கு அடிக்கக் கூடாது. அடித்தால் உறுமல் நிற்கும், வலி நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் பதியும்.

மருத்துவமனையில் இடுப்பைப் பின்னோக்கி நீட்டும்போது டைகர் இரு பக்கமும் எதிர்த்தான், இடதில் அதிகம். தொடைச் சுற்றளவை நாடாவால் அளந்தபோது வலது 40.5 செ.மீ., இடது 38 செ.மீ. பயன்படுத்தாத காலில் சதை கரைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம். இதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் மூட்டுகளை வீங்கவைத்து இதே போன்ற விறைப்பைக் கொடுக்கும். காய்ச்சல், சோர்வு, இன்று ஒரு காலும் நாளை இன்னொரு காலுமாக மாறும் நொண்டல் இருந்தால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். அங்கே வெறும் வலி மாத்திரை நோயை மூடிவைத்துவிடும். டைகருக்கு அது இல்லை, சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருந்தன.

இருபது புள்ளிக் கணக்கு

நாய் வலிக்கென்று சோதித்து நிறுவப்பட்ட வினாத்தாள்கள் இருக்கின்றன. ஹெல்சிங்கி குறியீடு பதினொரு கேள்விகள் கொண்டது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 44. கூட்டுத்தொகை 12-ஐத் தாண்டினால் நாட்பட்ட வலி இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான சுருக்க வலிப் பட்டியல், கடந்த ஏழு நாளின் வலியை நான்கு கேள்வியிலும், அது நடமாட்டத்தைத் தடுப்பதை ஆறு கேள்வியிலும் 0 முதல் 10 வரை கேட்கிறது. உங்கள் மருத்துவர் இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் அதையே நிரப்புங்கள். வீட்டார் தடுமாறுவது "வலி எவ்வளவு?" என்ற கேள்வியில்தான். அது ஊகம். நல்ல மனநிலையில் 3 போடுவார்கள், கவலையில் 7 போடுவார்கள்.

அதனால் டைகருக்கு அவனுடைய நாளிலிருந்தே ஐந்து செயல்கள் எடுக்கப்பட்டன: படுத்த இடத்திலிருந்து எழுதல், படி, சிறுநீர், இரவு, பக்கத்தில் ஆள் வருதல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 20. புள்ளி போடுபவர் வலியை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன பொருள் என்று தொடங்கும் முன்பே எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வாரத்து 2-ம் ஆறாவது வாரத்து 2-ம் வேறு வேறாகிவிடும்.

எழுதலுக்கு இப்படி எழுதினார்கள். ஒரே அசைவில் எழுந்து உடனே நடந்தால் 0. ஒரே அசைவில் எழுந்தாலும் முதல் சில அடி விறைப்பாக இருந்து ஒரு நிமிடத்துக்குள் சரியானால் 1. முன்னுடம்பு எழுந்து நின்று, பிறகு பின்னுடம்பை இழுத்தால் 2. இரண்டு முயற்சி தேவைப்பட்டாலோ வழுக்கி உட்கார்ந்தாலோ 3. கூப்பிட்டும் எழவில்லை, கை கொடுக்க வேண்டியிருந்தது, அல்லது முனகினான் என்றால் 4. இதை எப்போதும் இரவுத் தூக்கத்துக்குப் பின், முதல் எழலில்தான் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு ஓய்வுக்குப் பிறகுதான் மிகவும் விறைக்கும், பத்து நிமிடம் நடமாடியதும் இளகிவிடும். பகலில் பார்த்தால் புள்ளி குறைவாகவே விழும்.

படிக்கு: முன்பு போலவே ஏறினால் 0, மெதுவாகக் கால் மாற்றி ஏறினால் 1, முயல் தாவல் அல்லது திருப்பத்தில் நிற்பு 2, அடிப்படியில் தயங்கிக் கெஞ்சியபின் ஏறினால் 3, ஏறவே மறுத்தால் 4. சிறுநீருக்கு: இரு பக்கமும் தூக்கினால் 0, ஒரே பக்கம் 1, பாதியில் காலை வைத்தால் 2, குட்டி போலக் குந்தினால் 3, நடந்துகொண்டே அல்லது வீட்டுக்குள் என்றால் 4. ஐந்தாவதுக்கு: தளர்ந்து கிடந்தால் 0, முகத்தைத் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ 1, எழுந்து போய்விட்டால் 2, விறைத்தாலோ உறுமினாலோ 3, பல்லைக் காட்டிப் பாய்ந்தால் 4. இதற்காகப் பாப்பாவை அனுப்பிப் பார்க்கக் கூடாது. பெரியவர்கள் இயல்பாகப் பக்கத்தில் போகும்போது நடந்ததை மட்டும் குறிக்க வேண்டும். டைகரின் மெத்தை பாப்பா வராத மூலைக்கு மாற்றப்பட்டது.

இரவுக் கணக்குதான் பலரும் விட்டுவிடுவது. வலியுள்ள நாய் ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்க முடியாமல் இடம் மாறும். பழைய ஃபோனை அறையில் வைத்து 11 மணி முதல் 5 மணி வரை ஓடவிட்டுக் காலையில் வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். எழுந்து இடம் மாறியது ஒரு முறை வரை 0, இரண்டு முறை 1, மூன்று நான்கு முறை 2, ஐந்து ஆறு முறை 3, அதற்கு மேல் அல்லது நடந்துகொண்டே இருந்தால் 4. கரண்ட் போய் மின்விசிறி நின்ற இரவைக் கணக்கில் சேர்க்கவில்லை. சித்திரை வெயிலில் எந்த நாயும் மெத்தையை விட்டுத் தரைக்கு வரும், மூச்சிரைக்கும். வெப்பத்தால் வரும் இரைப்பு குளிர்ந்த தரையில் படுத்ததும் அடங்கும். அறை குளிர்ந்திருந்தும், நடமாட்டமே இல்லாமல் இரவில் இரைத்தால் வலியைச் சந்தேகிக்க வேண்டும்.

மருந்துக்கு முன் ஏழு நாள் தினமும், அதன் பிறகு புதனும் ஞாயிறும், ஒரே ஆள் புள்ளி போட்டார். போடும் முன் பழைய பக்கத்தைப் புரட்டக் கூடாது என்பது விதி. இதற்குக் காரணம் இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்கு வெறும் போலி மாத்திரை கொடுத்த ஆய்வு ஒன்றில், கால் ஊன்றும் விசையை அளக்கும் கருவி எந்த முன்னேற்றமும் காட்டாதபோதும், ஏறக்குறைய 40 சதவீதம் வீட்டார் நாய் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். மருந்து கொடுக்கும் கை நல்லதைக் காண விரும்பும். வாரம் ஒரு முறை அதே இடத்தில் எழும் வீடியோ எடுத்து, தேதி தெரியாத இன்னொருவரிடம் இரண்டு வீடியோக்களைக் காட்டி "எதில் நன்றாக எழுகிறான்?" என்று கேட்பது இதற்கு நல்ல மாற்று.

எட்டு வாரம்

மருத்துவர் மெலாக்சிகம் என்ற வலி மருந்தைக் கொடுத்தார். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து கிலோவுக்கு 0.1 மி.கி., தினம் ஒரு வேளை, உணவோடு. 36 கிலோவுக்குத் தினசரி அளவு 3.6 மி.கி. மில்லிக்கு 1.5 மி.கி. உள்ள நாய்களுக்கான திரவத்தில் அது 2.4 மில்லி. மனிதர்களுக்கான மெலாக்சிகம் மாத்திரை 7.5 அல்லது 15 மி.கி. வீட்டில் இருக்கும் 15 மி.கி. மாத்திரையை "அதே மருந்துதானே" என்று கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போகும். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சமீபத்தில் தோல் அரிப்புக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டீராய்டும் மெலாக்சிகமும் சேர்ந்தால் குடல் புண்ணாகும். வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், சாப்பாட்டை விடுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும்.

மருந்தோடு இரண்டு மாற்றங்கள். மெத்தையிலிருந்து வாசல் வரை ரப்பர் பாய் விரிக்கப்பட்டது. உணவு அளந்து போடப்பட்டது. எடை குறைந்தால் நொண்டல் குறைகிறது என்று காட்டிய ஆய்வில், உடல் எடையில் சுமார் 6 சதவீதம் இறங்கியதுமே வித்தியாசம் தெரிந்தது. டைகருக்கு அது இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். வாரம் ஒரு சதவீதம் என்ற வேகத்தில் எட்டு வாரத்தில் எட்டலாம்.

புள்ளிகள் இப்படி வந்தன.

| வாரம் | எழுதல் | படி | சிறுநீர் | இரவு | ஆள் வருதல் | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| மருந்துக்கு முன் | 3 | 3 | 2 | 2 | 3 | 13 |
| 1 | 2 | 2 | 2 | 1 | 3 | 10 |
| 3 | 1 | 2 | 1 | 1 | 2 | 7 |
| 5 | 2 | 2 | 1 | 3 | 2 | 10 |
| 8 | 1 | 1 | 1 | 1 | 1 | 5 |

முதல் வாரத்தில் வீட்டார் சோர்ந்துவிட்டார்கள். எதற்காக மருத்துவரிடம் போனார்களோ அந்த உறுமல் அப்படியே 3-ல் நின்றது. ஆனால் எழுதலும் படியும் இரவும் ஒவ்வொரு புள்ளி இறங்கியிருந்தன. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அந்த மூன்றும்தான் சாட்சி. வலி குறைந்ததும் அசைவுகள் முதலில் திரும்பும். ஆள் சாய்ந்தால் வலிக்கும் என்று நாய் கற்றுக்கொண்ட எதிர்பார்ப்பு கரைய வாரங்கள் ஆகும். உறுமலை மட்டும் பார்த்திருந்தால் பத்தாம் நாளே மருந்து பயனில்லை என்று நிறுத்தியிருப்பார்கள். இப்படி நிறுத்தப்படும் சிகிச்சைகள் ஏராளம்.

ஐந்தாவது வாரம் மொத்தம் மறுபடி 10-க்கு ஏறியது. வீட்டுப் பெரியவருக்கு அன்று இரவே அளவைக் கூட்டிக் கொடுக்கத் தோன்றியது. நல்லவேளை, தாளில் இரண்டாவது விதி இருந்தது: எந்த ஒரு செயலும் ஒரே வாரத்தில் இரண்டு புள்ளி ஏறினால், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், அளவை வீட்டில் மாற்றக் கூடாது. இரவு 1-லிருந்து 3 ஆகியிருந்தது. தாளின் ஓரக் குறிப்பைப் படிக்கச் சொன்னார் மருத்துவர். ஞாயிறன்று: "கடற்கரை, இரண்டு மணி நேரம், நல்லா ஓடினான்." நன்றாக இருக்கிறானே என்ற மகிழ்ச்சியில் கூட்டிப்போயிருக்கிறார்கள். வலி தணிந்த நாய் தன் மூட்டின் அளவு தெரியாமல் ஓடும். காலடியில் சரியும் மணல் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பை அதிகம் உழைக்கவைக்கும். தண்டனை அன்றே வராது, அன்றிரவும் மறுநாளும் வரும். மருந்து கூட்டப்படவில்லை. மூன்று நாள் கொஞ்ச தூர நடை மட்டும், பிறகு தினம் இரண்டு வேளை இருபது நிமிடம் என்று ஒரே அளவாக வைத்தார்கள். ஆறு நாள் சும்மா கிடந்து ஏழாம் நாள் ஓடுவதுதான் இந்த மூட்டுகளுக்குக் கெடுதல்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. ஒரு புள்ளி ஏறுவதும் இறங்குவதும் அன்றாட அலைவு, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மொத்தத்தில் மூன்று புள்ளி மாற்றம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால்தான் பொருட்படுத்துகிறோம். டைகரின் 10-ஐ இன்னொரு நாயின் 10-ஓடு ஒப்பிட முடியாது, செயல்களே வேறு. பல் வலி உள்ள நாய்க்கு இந்த ஐந்தில் எதுவுமே ஏறாமல் போகலாம். அங்கே எடுக்க வேண்டியவை ஒரு பக்கமாக மெல்லுதல், வாயிலெடுத்த துண்டைக் கீழே போடுதல், கயிறு இழுக்கும் விளையாட்டை விடுதல், ஒரு பக்கப் பல்லில் மட்டும் காரை தடித்திருத்தல். மெல்லாத பக்கத்தில்தான் காரை சேரும். காது வலிக்குக் கழுத்துப்பட்டை மாட்டும்போது தலையை இழுத்துக்கொள்வதும், ஒரு பக்கம் சாய்த்து உதறுவதும்.

அவசர நிலைகளில் புள்ளி போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. வயிறு உப்பி ஒன்றும் வராமல் ஓங்கரித்தல், முன்னுடம்பைத் தரையில் இறக்கிப் பின்னுடம்பை உயர்த்தியபடியே நின்றுவிடுதல், பின்னங்கால்கள் இழுபடுதல், கண்ணைத் திறக்க முடியாமல் இருத்தல் ஆகியவற்றுக்கு அன்றே, முதல் மூன்றுக்கும் அந்த மணியிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எட்டாம் வாரம் டைகர் 33.8 கிலோ. ரத்தப் பரிசோதனை திரும்பச் செய்து சரியாக இருந்ததால், மெலாக்சிகத்தை, வலியைக் கட்டுக்குள் வைக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிப் பார்க்க மருத்துவர் முடிவு செய்தார். முதலில் புதிய எடைக்கு 3.4 மி.கி. ஆக்கி இரண்டு வாரம், பிறகு அவர் சொல்லும் படிகளில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு இறக்கத்துக்கும் புதன், ஞாயிறு புள்ளிகள் தொடரும். எழுதல் மறுபடி 2-ஐத் தொட்டு அடுத்த முறையும் அங்கேயே நின்றால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தொடைச் சுற்றளவு மூன்றாம் மாதம் அளக்கப்படும், அதற்கு முன் சதை ஏறுவது நாடாவில் தெரியாது. சிறுநீர் இன்னும் 1-ல் இருக்கிறது. விளக்குக் கம்பத்தில் அவன் இடது காலைத்தான் தூக்குகிறான், ஆனால் முடியும் வரை கீழே வைப்பதில்லை.